மெத்தென்ற செருப்பு போட்டும் முழங்கால் வலிக்கிறதா? வலிக்கும் இடத்தைப் பார்த்துச் செருப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

மூட்டு வலிக்கிறது என்றதும் வீட்டில் கிடைக்கும் முதல் யோசனை, "ஒரு எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடு" என்பதுதான். போட்டதும் பாதத்துக்கு இதமாக இருக்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் முழங்கால் வலி அப்படியே இருக்கும். சிலருக்குக் கூடியும் இருக்கும்.

காரணம், எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் முழங்காலுக்காக வந்ததே இல்லை. வேலூரிலும் அதை ஒட்டிய கரிகிரியிலும், தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களில் புண் வராமல் காப்பதற்காக டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த ரப்பரைச் செருப்புக்குள் பயன்படுத்தினார்கள். உடல் எடை ஒரே புள்ளியில் விழாமல் பாதம் முழுவதும் பரவ வேண்டும், அதுதான் அதன் வேலை. சரியாகச் செய்த எம்.சி.ஆர். செருப்பில் அந்த மெத்தை ரப்பருக்குக் கீழே கெட்டியான இன்னொரு அடித்தட்டு இருக்கும். இன்று கடைகளில் அந்தப் பெயரில் விற்பவற்றில் பல, மேலிருந்து கீழ்வரை ஒரே மெதுவான பொருளால் ஆனவை. அதில் நின்றால் குதிகால் ஒரு பக்கமாகப் புதைந்து சாய்கிறது. குதிகால் சாய்ந்தால் கணுக்கால் சாயும், அதற்கு மேலே இருக்கும் முழங்கால் திரும்பும்.

மெத்தை பாதத்தின் தோலையும் குதிகாலையும் காக்கிறது. முழங்காலும் இடுப்பும் வேறு மூன்றைப் பார்க்கின்றன: சோல் எவ்வளவு அகலமாக, ஆடாமல் நிற்கிறது, குதிகால் முன்பாதத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பாதத்தின் உள்வளைவு தாங்கப்படுகிறதா. இந்த மூன்றில் எதை மாற்றுவது என்பது வலி எங்கே, எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது.

செருப்பை மாற்றிப் பார்க்கும் நிலை தாண்டிய அறிகுறிகள் சில உண்டு. முழங்கால் வீங்கிச் சூடாக இருப்பது, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது கால் திடீரென்று விட்டுப்போவது, இடுப்பு வலியோடு காலில் மரத்துப்போதல் அல்லது பலம் குறைவது, காய்ச்சலோடு வரும் வலி, படுத்து ஓய்வெடுத்தாலும் இரவில் விடாத வலி ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடைகளுக்கு நடுவே உணர்வு குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதலில் கையில் இருக்கும் செருப்பைச் சோதியுங்கள்

புதியது வாங்குவதற்கு முன், தினமும் போடும் ஜோடியை மேசை மேல் வைத்து, பின்பக்கம் கண்ணுக்கு நேராக வரும்படி குனிந்து பாருங்கள். இரண்டும் நேராக நிற்க வேண்டும். ஒன்று உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருந்தால், பின்விளிம்பை ஒரு விரலால் மெல்ல அழுத்துங்கள். படகு போல ஆடினால் அந்தச் சோலின் ஆயுள் முடிந்தது. குதிகாலின் வெளி ஓரம் லேசாகத் தேய்வது எல்லோருக்கும் நடப்பது. உள் ஓரம் முழுக்கத் தேய்ந்திருந்தால் பாதம் உள்ளே சரிகிறது. இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி தேய்ந்திருந்தால் அதைக் குறித்து வையுங்கள், கீழே தேவைப்படும்.

அடுத்து, குதிகால் பதியும் இடத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி ஐந்து எண்ணி விடுங்கள். நல்ல மெத்தை சில மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டதும் திரும்பி வரும். விரல் நேரே தரையைத் தொடுவது போலப் புதைந்தாலும், குழி அப்படியே நின்றாலும் அது பயன்படாது. லேசான ஈ.வி.ஏ. நுரைச் சோலில் இந்தத் தளர்ச்சி முதலில் பக்கவாட்டில் தெரியும். குதிகாலுக்குக் கீழே சோலின் ஓரத்தில் படுக்கைவாட்டில் சுருக்கக் கோடுகள் விழுந்திருக்கும்.

மூன்றாவது ஹீல் அளவு. கடைக்காரர் "ஒன்றரை இஞ்ச்" என்று சொல்வது குதிகால் பக்கத்தின் மொத்தக் கனத்தை. நமக்கு வேண்டியது அது அல்ல. ஸ்கேலை வைத்துக் குதிகாலுக்குக் கீழே உள்ள கனத்தையும், பெருவிரலின் அடிமூட்டுக்குக் கீழே உள்ள கனத்தையும் அளந்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். பின்னால் 5 செ.மீ., முன்னால் 3 செ.மீ. என்றால் உண்மையான ஏற்றம் 2 செ.மீ. தான். பின்னால் 4, முன்னால் 1 என்றால் ஏற்றம் 3 செ.மீ.; பார்வைக்குத் தாழ்வாக இருந்தாலும் முழங்காலுக்கு இதுதான் மோசம். இனிமேல் ஏற்றம் என்று சொல்வதெல்லாம் இந்தக் கழித்த கணக்கைத்தான்.

அறிகுறி 1: முழங்காலின் உள்பக்கம் வலி; நடக்க நடக்கக் கூடுகிறது

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான். மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் முழங்காலின் உள்பக்க அறையில் தொடங்குகிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் முழு உடலும் ஒற்றைக் காலில் நிற்கிறது. அப்போது உடலின் பாரம் முழங்காலுக்கு உள்பக்கமாக விழுவதால் உள் அறைக்குத்தான் சுமையின் பெரும்பங்கு போகிறது. கால் வில்லாக வளைந்திருந்தால் இன்னும் கூடும்.

முதலில் தொட வேண்டியது ஏற்றத்தை. 1998-இல் 'லான்செட்' இதழில் கேசி கெரிகனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட அளவீட்டில், ஹை ஹீல் போட்டு நடந்தபோது முழங்காலை உள்பக்கம் அழுத்தும் திருகு விசை, வெறுங்காலோடு ஒப்பிட 23% கூடியிருந்தது. கம்பி போன்ற ஹீல்தான் ஆபத்து, கட்டையான ஹீல் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதே குழு 2001-இல் அகல ஹீலையும் அளந்து பார்த்தது. அதிலும் விசை கூடத்தான் செய்தது. அகல ஹீல் கணுக்கால் பிசகாமல் காக்கும், முழங்காலுக்கு அதனால் லாபம் இல்லை. வெட்ஜ் ஹீலுக்கும் இதே கணக்குத்தான்.

அப்படியானால் தட்டையான, மெல்லிய, வளையும் செருப்பு நல்லதா? இந்தக் கேள்விக்கு நீண்ட நாள் "ஆமாம்" என்பதே பதிலாக இருந்தது. நடை ஆய்வகத்தில் அளக்கும்போது, விறைப்பான ஷூவைவிடத் தட்டையான வளையும் செருப்பில் முழங்கால் சுமை குறைவாகவே தெரிந்தது. ஆனால் ஆய்வகத்தில் குறைந்த சுமை, வாழ்க்கையில் வலியைக் குறைக்கிறதா என்பது வேறு கேள்வி. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்பக்கத் தேய்மானம் உள்ள 164 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தட்டையான வளையும் ஷூவும் மறுபாதிக்கு உறுதியான, தாங்கும் ஷூவும் கொடுத்து ஆறு மாதம் போடச் சொன்னார்கள். 2021-இல் வந்த முடிவில், நடக்கும்போது வரும் வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தவர்கள் உறுதியான ஷூவில் 58%, தட்டையானதில் 40%. எனவே இந்த வலிக்கு உறுதியான அடித்தட்டையே முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வோம்.

கடையில் அதை எப்படி அறிவது? ஷூவின் முனையையும் குதிகாலையும் இரண்டு கையால் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். முறுக்கிக்கொண்டே போனால் வேண்டாம். பிறகு முனையை மேல்நோக்கி மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். நட்டநடுவில் சப்பாத்தி போல மடிந்தால் உள்வளைவுக்குத் தாங்கல் இல்லை என்று அர்த்தம். குதிகாலைப் பின்னாலிருந்து அணைக்கும் பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக நிற்க வேண்டும். ஏற்றம் 1 முதல் 1.5 செ.மீ. போதும். சோலின் அடிப்பகுதி குதிகாலைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது, சற்று வெளியே விரிந்திருந்தால் நல்லது.

ஷூ போட முடியாது, வேலையும் சூழலும் ஒத்துவராது என்றால் பின்வார் உள்ள சாண்டல் எடுங்கள். பின்வார் இல்லாத செருப்பை விழாமல் பிடிக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் மடங்கிக் கவ்வ வேண்டியிருக்கிறது, குதிகாலும் சோல் மேல் பக்கவாட்டில் நழுவுகிறது. மேலே சொன்ன உறுதியில் பாதி இதிலேயே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வலிக்கென்றே வெளிப்பக்கம் உயர்த்திய ஆப்பு இன்சோல் விற்கிறார்கள். உள் அறையின் சுமையைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் சாதாரணத் தட்டை இன்சோலோடு ஒப்பிட்ட சோதனைகளில் வலி குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாதம் உள்பக்கம் சரிபவர் அதைப் போட்டால் சரிவு இன்னும் கூடும். அளவு பார்த்துத் தருபவர் இல்லாமல் இதை வாங்க வேண்டாம்.

அறிகுறி 2: முழங்கால் சில்லைச் சுற்றி முன்பக்கம் வலி, படி இறங்கும்போது, உட்கார்ந்து எழும்போது

இது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே வரும் வலி. முழங்கால் மடங்கிய நிலையில் பாரம் ஏறும்போது சில்லு அழுத்தப்படுகிறது. ஹீல் கூடினால் நடக்கும்போதே முழங்கால் சற்று மடங்கியே இருக்கும், எனவே ஏற்றத்தை 1 செ.மீ. அளவுக்குக் கொண்டுவருவது இங்கேயும் முதல் வேலை. பல வருடம் ஹீல் போட்டவர் ஒரே நாளில் தட்டைக்கு வந்தால் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு குதிகால் வலி புதிதாக வரும். மூன்று செ.மீ. ஏற்றத்திலிருந்து இரண்டுக்கு வந்து, மூன்று வாரம் கழித்து ஒன்றுக்கு வாருங்கள்.

உள்வளைவுத் தாங்கல், அதாவது ஆர்ச் சப்போர்ட், அதிகம் உதவக்கூடிய இடம் இதுதான். ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஈரப் பாதத்தைச் சிமெண்ட் தரையில் வைத்துச் சுவடு பார்ப்பது நல்ல தொடக்கம்: நடுவில் இடைவெளியே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே இழையாகவோ ஒன்றும் இல்லாமலோ இருந்தால் உயர் வளைவு. சுவடு பாதத்தின் வடிவத்தைச் சொல்லும், பாதம் எவ்வளவு சரிகிறது என்பதைச் சொல்லாது. அதற்கு இன்னொரு அளவு உண்டு. பாதத்தின் உள்பக்கம், கணுக்கால் எலும்புக்கு முன்னும் கீழுமாக ஒரு எலும்பு முண்டு விரலில் தட்டுப்படும். அதன் மேல் பேனாவால் புள்ளி வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்து, ஒரு அட்டையைப் பக்கத்தில் நிறுத்தி அந்தப் புள்ளியின் உயரத்தை அதில் குறியுங்கள். பிறகு எழுந்து இரண்டு காலிலும் சமமாக நின்று, அதே புள்ளியை மறுபடி குறியுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையே 1 செ.மீ.-க்கு மேல் இருந்தால் பாதம் அதிகமாக இறங்குகிறது. இறங்கும் பாதத்தோடு கீழ்க்கால் எலும்பு உள்ளே திரும்பும், சில்லு தன் பாதையிலிருந்து விலகும். இவர்களுக்குத் தாங்கல் பலன் தரும்.

தாங்கலைக் கடையில் வாங்கும் இன்சோலாகவே தொடங்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே கொடுக்கும் கெட்டித்தன்மை வேண்டும். பஞ்சு போல அமுங்கும் மேடு தாங்காது. மேட்டின் உச்சி குதிகால் எலும்புக்கு முன்னும், விரல்களுக்குப் பின்னால் தடித்திருக்கும் முன்பாதப் பந்துக்குப் பின்னும் விழ வேண்டும். இன்சோல் ஒரு சைஸ் பெரியதாக இருந்தால் மேடு முன்னே போய்ப் பந்தைக் குத்தும். இன்னொரு பொதுவான தவறு, ஷூவோடு வந்த இன்சோலை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைப்பது. குதிகால் மேலே ஏறி, பின்பகுதி பிடிப்பை இழந்து, ஷூ கழன்று கழன்று வரும்.

பழக நாள் கொடுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினம் ஒரு மணி கூட்டினால் ஒன்றரை வாரத்தில் முழு நாளும் போட்டிருக்கலாம். இரண்டு வாரம் கழித்தும் உள்வளைவில் கல் மேல் நிற்பது போல இருந்தால் மேடு உங்களுக்கு உயரம் அதிகம்.

உயர் வளைவு உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் பாதம் சரிவதில்லை, அதிர்ச்சியை வாங்குவதும் இல்லை. மெத்தை உண்மையிலேயே உதவுவது இவர்களுக்குத்தான்.

அறிகுறி 3: நின்றால் இடுப்பு வலி, உட்கார்ந்தால் குறைகிறது

அடுப்படி, துணிக்கடை, வகுப்பறை, சலூன் என்று நின்று வேலை செய்பவர்களின் வலி இது. இங்கே செருப்பால் ஆவது கொஞ்சம்தான். இன்சோல் போட்டால் முதுகு வலி வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. அசையாமல் நிற்பதே முக்கியக் காரணம். கால் களைப்பைக் குறைத்து நிற்கும் நேரத்தைத் தாங்கக்கூடியதாக்கலாம், அதுதான் எல்லை.

இந்த வலிக்கு வளைந்த அடிப்பகுதி உள்ள ராக்கர் சோல் ஷூவை விளம்பரப்படுத்துகிறார்கள். 2013-இல் லண்டனில் நாள்பட்ட முதுகு வலி உள்ளவர்களிடம் ராக்கரையும் தட்டைச் சோலையும் ஒப்பிட்டபோது ராக்கர் மேலானதாகத் தெரியவில்லை. நின்றாலும் நடந்தாலும் வலி கூடுபவர்களுக்குத் தட்டைச் சோலே கூடுதல் பலன் தந்தது. ராக்கருக்கு வேறு இடம் உண்டு: பெருவிரல் அடிமூட்டு விறைத்து மடங்காதவர்களுக்கும், முன்பாதப் பந்தில் வலி உள்ளவர்களுக்கும் அது நல்லது. தடுமாறும் வயதானவர்களுக்கு வாங்கித் தர வேண்டாம்.

நிற்பதற்கான சோல், நடப்பதற்கானதைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். மிக மெதுவான நுரையில் நின்றால் உடல் ஓயாமல் சமநிலை தேடும், இடுப்புத் தசைகள் சாயங்காலத்துக்குள் களைத்துப்போகும். வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமைப்பவர்கள் வெளியே போடும் செருப்புக்குச் செலவழித்துப் பயனில்லை. நாளில் பெரும்பகுதி அது வாசலில்தான் கிடக்கிறது. வீட்டுக்குள் மட்டும் போட, அடி வழுக்காத தனி ஜோடி ஒன்று வையுங்கள்.

அறிகுறி 4: இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் வலி, செருப்பும் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது

இரண்டு காலின் நீளமும் வேறுபடுகிறதா என்று பாருங்கள். வெறுங்காலோடு நின்று, பின்னாலிருந்து ஒருவர் இரண்டு இடுப்பெலும்பு மேடுகளின் மேலும் கைகளை வைத்துப் பார்க்கட்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் அந்தக் காலுக்குக் கீழே மெல்லிய அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, கைகள் சமமாகும் வரை உயர்த்தி, அடுக்கின் கனத்தை அளக்க வேண்டும். அரை செ.மீ. வித்தியாசம் பலருக்கும் உண்டு, அதை விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் மருத்துவரோ இயன்முறை சிகிச்சையாளரோ உறுதி செய்த பிறகு, வித்தியாசத்தில் பாதியளவு உயரத்தில் தொடங்குங்கள். கெட்டி ரப்பரோ கார்க்கோ வேண்டும். ஸ்பாஞ்ச் வைத்தால் அமுங்கிவிடும். ஷூவுக்குள் 1 செ.மீ. வரைதான் வைக்க முடியும், அதற்கு மேல் சோலின் அடியில் ஒட்டித் தைக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கும் 52 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். வலது முழங்காலின் உள்பக்கம் வலி, மாலையில் இடுப்பும் வலி. போட்டிருப்பது பின்வார் இல்லாத மெத்தைச் செருப்பு: பின்னால் 5 செ.மீ., முன்னால் 2. ஏற்றம் 3. மேசையில் வைத்தால் வலது செருப்பு உள்பக்கம் சாய்கிறது. புள்ளி வைத்துப் பார்த்ததில் வலது பாதம் 12 மி.மீ. இறங்குகிறது, இடது 7.

முழங்கால் வலி முதல் அறிகுறி, மாலை இடுப்பு வலி மூன்றாவது. முழங்காலுக்கான தேர்வு இடுப்புக்கும் ஒத்துப்போகிறது. பின்வார் உள்ள, முறுக்கினால் முறுகாத சாண்டல், பின்னால் 3.2 செ.மீ., முன்னால் 2, ஏற்றம் 1.2. ஆனால் இது பழைய ஏற்றத்தைவிட 1.8 செ.மீ. குறைவு என்பதால் முதல் மூன்று வாரம் ஏற்றம் 2 செ.மீ. உள்ள ஜோடியில் இருந்துவிட்டு மாற வேண்டும். உள்வளைவில் மிதமான மேடு அமைந்த சாண்டலாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் திறந்த சாண்டலில் தனி இன்சோல் நிற்காது. வலது பாதத்துக்கு மட்டும் மேட்டைக் கூட்டத் தேவையில்லை. முதலில் இரண்டிலும் ஒரே அளவு.

வாங்கப் போவது மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில். நின்றுகொண்டு இரண்டு காலிலும் போட்டு, மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் இருக்கிறதா, குதிகால் ஓரம் சோலைத் தாண்டி வழிகிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் புதிய ஜோடியை முதல் வாரம் ஒவ்வொரு முறையும் கழற்றியதும் பாதத்தில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

இடுப்புக்கு இன்னொன்றும் வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி கட்டாயம் ஆக்கப்பட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுவது எந்தச் சோலும் தராத பலனைத் தரும். இதை மேலாளரிடம் கேட்டுப் பெற அவருக்கு உரிமை இருக்கிறது.

பலன் பார்க்க ஒரே ஒரு அளவு வைத்துக்கொண்டால் போதும். கடையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்ததும் முழங்கால் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று வாரம் ஒரு முறை எழுதி வைக்க வேண்டும். ஏழு, ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கினால் தேர்வு சரி. ஆறு வாரத்தில் இறங்கவே இல்லை என்றால் இன்னொரு செருப்பு தேடுவதில் பொருள் இல்லை. தொடைத் தசைக்கான பயிற்சிக்கு இயன்முறை சிகிச்சையாளரிடம் போக வேண்டும். வலி முழங்காலில் குறைந்து கெண்டைக்காலில் தொடங்கினால் ஏற்றத்தை வேகமாகக் குறைத்திருக்கிறார், 2 செ.மீ. ஜோடிக்கே திரும்பி இன்னும் மூன்று வாரம் இருக்கலாம்.

நன்றாக ஒத்துப்போன ஜோடி கிடைத்துவிட்டது என்று மூன்று நான்கு ஜோடி வாங்கிப் பரணில் வைக்க வேண்டாம். பாலியூரித்தேன் எனப்படும் பி.யு. சோல் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதையும் பொருள். பெட்டியில் புதிதாகவே இருந்த ஷூ, சில வருடம் கழித்து எடுத்துப் போட்ட முதல் நாளே சோல் துகள் துகளாக உதிர்வது இதனால்தான், சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இரண்டு ஜோடியை வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். அழுந்திய நுரை திரும்பி எழ ஒரு நாள் கிடைக்கும்.